அட்வான்ஸ் திரும்பி வந்தது, என் பங்கு வரவில்லை: பழைய ரூம்மேட்டுகளுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: 2022 ஜூனில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வேளச்சேரியில் ஒரு ஃபிளாட் எடுத்தோம். வாடகை 20,000. அட்வான்ஸ் 1,20,000, ஆளுக்கு 30,000 போட்டோம். அக்ரிமெண்ட் எங்களில் மூத்தவரான ஒரு அண்ணா பேரில். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததால் 2023 செப்டம்பர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு மாதக் கடைசியில் கிளம்பினேன். எனக்குப் பதில் யாரும் வரவில்லை, மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். 2025 பிப்ரவரி கடைசியில் காலி செய்தார்கள். ஓனர் கடைசி இரண்டு மாத வாடகை 40,000, பெயிண்டிங் 18,000, ஈபி 2,600, ஜன்னல் கண்ணாடி 1,400 என்று கழித்துக்கொண்டு மீதி 58,000-ஐ மார்ச்சில் அண்ணா அக்கவுண்டில் போட்டார். அதை மூன்று பேரும் பிரித்துக்கொண்டார்கள். கேட்டால், "58,000-ஐ நாலாப் பிரிச்சா 14,500. பெயிண்டிங்ல உன் பங்கு 4,500 போக 10,000 தர்றோம். நீ போனப்புறம் உன் வாடகையையும் நாங்கதானே கட்டினோம்" என்கிறார்கள். சண்டை போடாமல் ஒரு லெட்டர் எழுதிக் கேட்க வேண்டும். எவ்வளவு கேட்பது, எப்படி எழுதுவது?

பதில்:

உங்களுக்கு வர வேண்டியது 10,000 இல்லை, 14,500-ம் இல்லை. 25,500. லெட்டரை எப்படி எழுதுவது என்பதைவிட இந்தத் தொகை எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். கணக்கு சரியாக இருந்தால் லெட்டர் தானாக எழுதிக்கொள்ளும். கணக்கு குழம்பினால் எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது சண்டையில்தான் போய் நிற்கும்.

அவர்கள் கணக்கில் இரண்டு தவறு இருக்கிறது. ஒன்று சின்னது, எளிதில் காட்டலாம். ஓனர் பெயிண்டிங்குக்கு 18,000 பிடித்துக்கொண்ட பிறகுதான் 58,000 கொடுத்திருக்கிறார். அதாவது அந்த 58,000 பெயிண்டிங் போன பிறகு மிஞ்சிய பணம். அதை நாலாகப் பிரித்து, உங்கள் பங்கிலிருந்து மட்டும் மறுபடியும் 4,500 கழித்தால், பெயிண்டிங் செலவை உங்களிடம் இரண்டு தடவை வாங்கியதாகிறது. இதை வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நானே ஒரு காலத்தில் ஐந்து பேர் இருந்த வீட்டுக்குக் கணக்கு எழுதியவன். காலி செய்த நாளில் கரண்ட் பாக்கியை இதே மாதிரி இரண்டு தடவை கழித்து, ஒரு நண்பனுக்குக் குறைவாகக் கொடுத்தேன். அவன் ஓனர் கொடுத்த துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கையில் வந்த தொகையிலிருந்து கணக்கை ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

இரண்டாவது தவறுதான் பெரியது, கண்ணில் படாததும் அதுதான். ஓனர் கழித்த 40,000 என்ன? 2025 ஜனவரி, பிப்ரவரி மாத வாடகை. "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பது சென்னையில் எல்லோரும் செய்வதுதான். ஓனர் அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தருவாரா என்ற சந்தேகத்தில் பாதி பேர் அப்படிச் செய்கிறார்கள். அது தவறு இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதம் வீட்டில் குடியிருந்தது மூன்று பேர். அவர்கள் பையிலிருந்து போக வேண்டிய 40,000 நான்கு பேரின் அட்வான்ஸிலிருந்து போயிருக்கிறது. அந்த அட்வான்ஸில் கால் பங்கு உங்களுடையது. நீங்கள் கிளம்பி ஒன்றே கால் வருடத்துக்குப் பிறகு, நீங்கள் இல்லாத வீட்டுக்கு உங்கள் பணத்தில் வாடகை கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே திரும்பி வந்த பணத்தை 58,000 என்று பார்க்கக் கூடாது. ரொக்கமாக வந்தது 58,000, வாடகையாக வந்தது 40,000, ஆக 98,000 திரும்பி வந்திருக்கிறது. உண்மையில் செலவானது மீதி 22,000 மட்டும்தான்.

இந்த 22,000-ல் யார் பங்கு எவ்வளவு?

ஈபி 2,600 உங்களைச் சேராது. நம் ஊரில் ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பிப்ரவரியில் பாக்கி நின்றது கடைசி ஒரு ரீடிங்காகத்தான் இருக்கும். 2023 செப்டம்பர் கரண்ட் அதில் ஒளிந்திருக்க வழியே இல்லை. கண்ணாடி 1,400 எப்போது உடைந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் இருந்தபோதே அந்தக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது என்றால் 350 ரூபாயை ஒப்புக்கொண்டு எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அது அவர்கள் மூன்று பேருடையது. நான் இங்கே அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

பெயிண்டிங் 18,000-தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. இதைப் பிரிக்க இரண்டு வழி உண்டு. நாலு பேருக்கும் சமமாக 4,500 என்று போடலாம். அல்லது யார் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று பார்த்துப் போடலாம். நீங்கள் இருந்தது 16 மாதம், மற்ற மூவரும் 33 மாதம், ஆக மொத்தம் 115 ஆள்-மாதம். அந்தக் கணக்கில் உங்கள் பங்கு சுமார் 2,500 வரும். சுவர் அழுக்கானது எல்லோரும் வாழ்ந்ததால்தான், ஆகவே மாதக் கணக்கு நியாயமாகத் தோன்றும். ஆனாலும் நான் சமமாகப் போடத்தான் சொல்வேன். நம் வாடகை வீடுகளில் பெயிண்டிங் என்பது பெரும்பாலும் ஒரு மாத வாடகையோ அதற்குக் கொஞ்சம் முன்பின்னோ என்று முதலிலேயே பேசி வைப்பது. பத்து மாதம் இருந்தாலும் பத்து வருடம் இருந்தாலும் அதே தொகைதான். நான்கு பேரும் உள்ளே நுழையும்போதே ஒப்புக்கொண்ட செலவு அது. இன்னொரு காரணமும் இருக்கிறது. 4,500 என்ற எண்ணை அவர்களே சொல்லிவிட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்த எண்ணை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டால், அந்த வரியில் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. 2,000 ரூபாய்க்காக அதைத் திறந்துவிடாதீர்கள்.

ஆக, நீங்கள் போட்டது 30,000, பெயிண்டிங் 4,500 போக 25,500.

இது சரிதானா என்று மறுபக்கத்திலிருந்து ஒரு முறை பார்த்துவிடலாம். இந்தச் சோதனையை விடவே கூடாது. அவர்கள் ஒவ்வொருவரும் 30,000 போட்டவர்கள். அவர்களுக்கு என்ன திரும்பிக் கிடைத்தது? ரொக்கத்தில் 58,000-ல் மூன்றில் ஒரு பங்கு, 19,333. கட்டாமல் விட்ட வாடகை 40,000-ல் மூன்றில் ஒரு பங்கு, 13,333. கூட்டினால் ஏறத்தாழ 32,667. பெயிண்டிங், ஈபி, கண்ணாடி எல்லாம் போன பிறகு, போட்டதைவிட அதிகமாக ஒருவருக்குத் திரும்பி வருகிறது என்றால் அது யார் பணம்? அவர்களுக்கு நியாயமாக வர வேண்டியது, 30,000-ல் பெயிண்டிங் 4,500-ம், ஈபி கண்ணாடி இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கான 1,333-ம் போக, 24,167. கூடுதலாக வந்திருப்பது ஆளுக்கு 8,500. மூன்று 8,500 கூட்டிப் பாருங்கள், 25,500. இரண்டு பக்கமிருந்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய தொகையும் இதிலேயே கிடைத்துவிட்டது.

இனி அவர்களுடைய இன்னொரு வாதம், "உன் வாடகையையும் நாங்கதானே கட்டினோம்." இதை லேசாகத் தள்ளாதீர்கள். இதில் அவர்களுக்கு உண்மையான மனக்குறை இருக்கிறது. நீங்கள் இருந்தபோது 5,000 கட்டிக்கொண்டிருந்தவர்கள், நீங்கள் போன பிறகு 6,667 கட்டியிருக்கிறார்கள். ஆனால் மனக்குறை இருப்பது வேறு, கடன் இருப்பது வேறு. நீங்கள் போன பிறகு உங்கள் வாடகைக்கு நீங்கள் பொறுப்பா என்பது உங்கள் நால்வருக்குள் என்ன பேச்சு இருந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும் என்பதுதான் பேச்சு என்றால், செப்டம்பர் ஆரம்பத்தில் சொல்லி, செப்டம்பர் வாடகையும் கட்டிவிட்டுக் கிளம்பிய உங்கள் கணக்கு அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு புது ஆளைச் சேர்ப்பதா, மூன்று பேராகவே வசதியாக இருப்பதா என்பது அவர்கள் எடுத்த முடிவு. "ஆள் பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தால் கதை வேறு. குரூப்பில் அந்த வாரத்து மெசேஜ்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், ஒரு மாத வாடகை 5,000-ஐ நீங்களே விட்டுக்கொடுத்து 20,500 கேளுங்கள். ஆள் கிடைக்க ஒரு மாதம் என்பது சென்னையில் நியாயமான கெடு.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர்கள் வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், 2023 அக்டோபரிலிருந்து 2025 பிப்ரவரி வரை 17 மாதம், மாதம் 5,000 வீதம், 85,000 நீங்கள் தர வேண்டும். அப்படி அவர்கள் கேட்கவில்லை. 10,000 தருகிறோம் என்றுதான் சொல்கிறார்கள். அதாவது அந்த வாதத்தை அவர்களே முழுதாக நம்பவில்லை. ஆனால் இதை லெட்டரில் எழுதாதீர்கள். எழுதினால் "சரி, 85,000 கொடு" என்று யாராவது வீம்புக்குச் சொல்வார். உங்கள் மனதுக்குள் மட்டும் இருக்கட்டும்.

எழுத உட்காருவதற்கு முன் மூன்று காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, 2022-ல் நீங்கள் 30,000 அனுப்பிய பேங்க் ஸ்டேட்மெண்ட். யூபிஐ ஆப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைவிட பேங்க் தரும் பிடிஎஃப் நல்லது, அதில் தேதியும் ரெஃபரன்ஸ் எண்ணும் இருக்கும். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் "வாங்கிட்டேன்" என்று குரூப்பில் வந்த மெசேஜாவது வேண்டும். இரண்டாவது, ஓனர் கழித்த கணக்கு. உங்களுக்கு அது வாய்வார்த்தையாகத்தான் வந்திருக்கிறது என்றால், ஓனர் எழுதிக் கொடுத்த சீட்டின் படத்தை அண்ணாவிடம் முதலில் சாதாரணமாகக் கேட்டு வாங்குங்கள். ஓனரிடம் நேரே போய் நிற்காதீர்கள். அவர் அக்ரிமெண்ட்காரருக்குப் பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டார், அவருக்கும் உங்களுக்கும் இனி வழக்கு இல்லை. அண்ணாவின் முதுகுக்குப் பின்னால் ஓனரை அழைத்ததாகத் தெரிந்தால் சமாதானமும் போய்விடும். மூன்றாவது, வாட்ஸ்அப் குரூப்பின் பழைய சாட் முழுதும். அதை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் மாற்றினால் போய்விடும்.

லெட்டரை மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். பணம் வந்தது அண்ணா அக்கவுண்டுக்குத்தான், ஆகவே கண்டிப்பான கணக்கில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் அவருக்கு மட்டும் எழுதினால், "அவங்ககிட்டயும் கேளு, நான் பிரிச்சுக் குடுத்துட்டேன்" என்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாலோ மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசிக்கொள்வார்கள். மெயிலில் மூவரையும் சேர்த்து அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் "மெயில் ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாருங்க" என்று ஒரு வரி போட்டால் போதும். குரூப்பிலேயே முழுக் கணக்கையும் போட்டால் அரட்டைக்குள் தொலைந்துவிடும், யாராவது ஒரு மீம் போட்டுத் திசை திருப்பிவிடுவார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். பெயர்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

> பொருள்: வேளச்சேரி வீட்டு அட்வான்ஸில் என் பங்கு
>
> அண்ணாவுக்கும் உங்கள் இரண்டு பேருக்கும்,
>
> நலமா? போன வாரம் ஃபோனில் பேசியதை எழுத்தில் ஒரு முறை வைத்துவிடலாம் என்று இந்த மெயில். ஃபோனில் எண்கள் குழம்பிவிட்டன என்று நினைக்கிறேன்.
>
> 2022 ஜூனில் நாம் நான்கு பேரும் ஆளுக்கு 30,000 போட்டு 1,20,000 அட்வான்ஸ் கொடுத்தோம். என் பங்கை அனுப்பிய பேங்க் ஸ்டேட்மெண்ட்டை இணைத்திருக்கிறேன். ஓனர் வாடகை 40,000, பெயிண்டிங் 18,000, ஈபி 2,600, கண்ணாடி 1,400 கழித்து 58,000 கொடுத்திருக்கிறார்.
>
> பெயிண்டிங்கில் நால்வருக்கும் சம பங்கு, என்னுடையது 4,500. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓனர் இதை ஏற்கெனவே கழித்துவிட்டார், அதனால் 58,000-லிருந்து மறுபடி கழிக்க வேண்டியதில்லை.
>
> வாடகை 40,000 என்பது 2025 ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு. நான் 2023 செப்டம்பர் வாடகை வரை கட்டிவிட்டுக் கிளம்பினேன். ஈபியும் கண்ணாடியும் நான் போன பிறகு வந்தவை. ஆகவே இந்த மூன்றும் என் பங்கில் வராது.
>
> இதன்படி எனக்கு வர வேண்டியது 30,000-ல் 4,500 போக 25,500. 58,000 மூவருக்கும் சமமாகப் பிரிந்திருப்பதால், ஒவ்வொருவரும் எனக்குத் தர வேண்டியது 8,500.
>
> நான் விட்டுப்போன செலவு ஏதாவது இருந்தால் பில்லை அனுப்புங்கள், கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். இல்லையென்றால் வருகிற மாதம் 10-ஆம் தேதிக்குள் என் அதே யூபிஐக்கு அனுப்பிவிடுங்கள். ஒரே நேரத்தில் முடியாது என்றால் எந்தத் தேதியில் முடியும் என்று சொல்லுங்கள், இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறேன்.
>
> அன்புடன்

இதில் எதை எழுதவில்லை என்று பாருங்கள். நீங்கள் போன பிறகு அவர்கள் ஃபோன் எடுக்காதது, ஃபிரிட்ஜை யார் எடுத்துக்கொண்டார்கள், கேஸ் சிலிண்டர் டெபாசிட் என்ன ஆனது, எதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் பங்கும் கேட்க வேண்டுமென்றால் அதற்கு வேறு மெயில், வேறு நாள். ஒரு லெட்டரில் இரண்டு விஷயம் இருந்தால், பதில் எப்போதும் எளிதான விஷயத்துக்குத்தான் வரும். "பகிர்ந்துகிட்டீங்க", "ஏமாத்திட்டீங்க" போன்ற சொற்களும் இல்லை. "பிரிந்திருப்பதால்" என்று மட்டும் இருக்கிறது. அவர்கள் செய்ததை அவர்கள் தலையில் கட்டாமல் நடந்ததாகச் சொல்லும் சொல் அது. தமிழில் நமக்கு அந்த வசதி உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். தேதி மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். "சீக்கிரம்" என்று எழுதினால் அடுத்த தீபாவளி. மாதத்தின் 10-ஆம் தேதி என்று போட்டது, சம்பளம் வந்து வாடகை, இஎம்ஐ போன பிறகு கையில் இருப்பது தெரியும் நாள் என்பதால்.

இந்த மெயிலுக்குப் பிறகு பெரும்பாலும் நடப்பது, மூன்று பேரில் ஒருவர் 8,500 அனுப்புவார், ஒருவர் பேசாமல் இருப்பார், மூன்றாமவர் "10,000 போட்டாச்சு, கணக்கு முடிஞ்சுது" என்று எழுதுவார். அந்த மூன்றாவது ஆளிடம்தான் ஜாக்கிரதை. பணம் வந்தவுடன் சந்தோஷத்தில் "ஓகே, தேங்க்ஸ்" என்று பதில் போட்டுவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு இருக்கிறது. கடன் கொடுத்தவர் குறைந்த தொகையை முழுக் கடனுக்கும் ஈடாக ஒப்புக்கொண்டு வாங்கினால், மொத்தக் கடனும் தீர்ந்தது. சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: 5,000 தர வேண்டியவர் 2,000 கொடுத்து, மற்றவர் அதை முழுக் கடனுக்காக ஏற்றுக்கொண்டால் மீதி 3,000-ஐப் பிறகு கேட்க முடியாது. ஆகவே "10,000 வந்தது, 25,500-ல் இதை வரவு வைத்துக்கொண்டேன், பாக்கி 15,500" என்று அன்றே எழுதுங்கள். அதற்கு முன்பே ஒருவர் 8,500 அனுப்பியிருந்தால் அதையும் கழித்து, பாக்கி 7,000 என்று எழுதுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

யாருமே அசையவில்லை என்றால், எவ்வளவு காலம் இருக்கிறது? இப்படி ஒருவர் உங்களுக்காக வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்க, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம். அது நீங்கள் பணம் போட்ட 2022-லிருந்து ஓடாது. அண்ணா கைக்குப் பணம் வந்த 2025 மார்ச்சிலிருந்து ஓடும், ஆகவே 2028 மார்ச் வரை நேரம் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் இது மாறலாம். நீங்கள் கிளம்பும்போது "உன் 30,000-ஐ நாங்க மூணு பேரும் போட்டு அடுத்த மாசமே தந்துடறோம்" என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தால், அது வேறு கடன், கடிகாரம் 2023-ன் கடைசியிலேயே ஓடத் தொடங்கியது என்று எதிர்ப்பக்கம் வாதிடலாம். அப்படி ஒரு மெசேஜ் இருந்தால் 2026-ன் நடுப்பகுதியைத் தாண்ட விடாதீர்கள்.

ஆனால் 25,500 ரூபாய்க்கு சிவில் கேஸ் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு வாய்தாவுக்கு வாய்தா வந்து போகிற செலவில் பாதிப் பணம் போய்விடும். போலீஸ் ஸ்டேஷன் வேண்டவே வேண்டாம். "சீட்டிங் கேஸ் குடுப்பேன்" என்று மிரட்டினால், "இது சிவில் மேட்டர்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் உங்கள் மிரட்டல் மெசேஜ் மூன்று ஃபோன்களிலும் பத்திரமாக இருக்கும். பணம் தர மனம் வந்தவரும் பின்வாங்குவார்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வழக்கே போடாமல் லோக் அதாலத்துக்குப் போகலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, அந்த லெட்டரையும் ஸ்டேட்மெண்ட்டையும் இணைத்துக் கொடுத்தால், மற்ற தரப்புக்கு அவர்கள் அழைப்பு அனுப்புவார்கள். இதற்குக் கோர்ட் ஃபீஸ் கிடையாது. அங்கே பேசி ஒரு தொகைக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் இல்லை. குறை என்னவென்றால், அவர்கள் வந்தால்தான், வந்து ஒப்புக்கொண்டால்தான் ஏதாவது நடக்கும். வர மாட்டேன் என்றால் லோக் அதாலத்தால் கட்டாயப்படுத்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் நீதிமன்ற வளாகத்திலிருந்து ஒரு கடிதம் வீட்டுக்கு, அதுவும் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் போகும்போது, 8,500 ரூபாய் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

கேஸ் வரை போகும் நிலை வந்தால், உங்கள் ஆதாரம் எல்லாம் மின்னணு ஆதாரம் என்பதை மறக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தில், வாட்ஸ்அப் சாட் மாதிரியான பிரிண்ட்டுகளுக்கு 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். மேலே சொன்ன 63 ஒப்பந்தச் சட்டத்தினுடையது, இது வேறு. எண் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம். இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது அந்த ஃபோனை ஃபார்மட் செய்யாமல் வைத்திருப்பது மட்டும்தான்.

இந்தக் கேள்வியைப் படிக்கும் வேறு யாருக்காவது ஆள் மாறியிருந்தால் கணக்கு இப்படி வராது. நீங்கள் காலி செய்த இடத்துக்குப் புது ஆள் வந்து, அவர் தன் 30,000-ஐ உங்களிடமே கொடுத்திருந்தால், திரும்பி வந்த அட்வான்ஸில் உங்களுக்கு எதுவும் இல்லை, உங்கள் இடத்தில் அவர்தான் நிற்கிறார். அவர் அந்தப் பணத்தை வீட்டில் இருந்தவர்களிடம் கொடுத்து, அவர்கள் உங்களுக்குத் தரவில்லை என்றால், உங்கள் பணம் அன்றைக்கே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. மூன்று வருடக் கெடுவும் அன்றிலிருந்தே ஓடுகிறது. அப்போது பெயிண்டிங்கும் உங்கள் தலையில் வராது, முழு 30,000-ஐயும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. முதலில் 8,500 அனுப்புகிறவருக்கு அன்றே தனியாக ஒரு பதில் போடுங்கள்: "உங்க பங்கு 8,500 வந்துடுச்சு, உங்களுக்கும் எனக்கும் அட்வான்ஸ் கணக்கு முடிஞ்சுது." மற்ற இருவரும் தராமல் இழுத்தடிப்பதற்காக அவரையும் சேர்த்து அழைத்துக்கொண்டே இருக்காதீர்கள். உங்களுக்காக அவர்களிடம் பேசப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.